முகமாற்று மாதிரியில் பார்வை திசை மாறுவதும் பற்கள் ஒட்டிக்கொள்வதும்: கண், வாய்ப் பகுதியின் இழப்பு எடையை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

ஒருவர் முகத்தை இன்னொருவர் நடித்த காட்சியில் பொருத்தும் முகமாற்று மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது கன்னமும் நெற்றியும் தாடையும் விரைவில் தெளிந்துவிடுகின்றன. ஆனால் கண் எங்கோ பார்க்கிறது, வாய் திறந்தால் பற்களுக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பட்டை தெரிகிறது. அந்நிலையில் பெரும்பாலோர் செய்வது, மாதிரி வரைந்தது உண்மைப் படத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் இழப்புக் கணக்கில் கண்ணுக்கும் வாய்க்கும் கூடுதல் எடை தரும் விருப்பத்தை இயக்கிவிட்டுக் காத்திருப்பதாகும். சில வேளைகளில் அது உடனே பலன் தருகிறது. சில வேளைகளில் ஒரு லட்சம் சுற்று ஓடியும் எதுவும் மாறுவதில்லை. வேறு சில வேளைகளில் கண் தெளிந்து, அதைச் சுற்றியுள்ள தோல் கெட்டுவிடுகிறது. எந்தச் சிக்கலுக்கு எடை மருந்து, எதற்கு அது மருந்தே இல்லை என்பதை அறிகுறியைக் கொண்டு பிரித்தறிவதற்காகவே இதை எழுதுகிறேன். டீப்ஃபேஸ்லேப் மென்பொருளின் `SAEHD` மாதிரியை, 256 தெளிவளவில், எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வேறு மென்பொருள் பயன்படுத்துவோருக்கான வேறுபாடுகளை உரிய இடத்தில் சொல்கிறேன்.

எடை என்ன செய்கிறது

`SAEHD` மாதிரியின் அடிப்படை இழப்பில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, உருவ அமைப்பின் வேற்றுமையை அளக்கும் டிஎஸ்எஸ்ஐஎம். 256 தெளிவளவில் இது 22 படப்புள்ளி அகலமும் 11 படப்புள்ளி அகலமும் கொண்ட இரு சாளரங்களால் முகத்தை வருடிப் பார்க்கிறது. மற்றொன்று, ஒவ்வொரு படப்புள்ளியின் பிழையையும் இருமடியாக்கி, முழுப் படத்துக்கும் சராசரி கண்டு, 10-ஆல் பெருக்குவது. திறந்த கண்ணின் உயரம் இந்தத் தெளிவளவில் ஏறத்தாழ 20 படப்புள்ளிதான். எனவே பெரிய சாளரத்துக்குள் கண், இமை, இமைக்குக் கீழுள்ள தோல் எல்லாம் ஒன்றாக அடங்கிவிடுகின்றன, கருவிழியின் விளிம்பு அதில் கரைந்துபோகிறது.

`Eyes and mouth priority` என்ற முன்னுரிமை விருப்பத்தை இயக்கினால் மூன்றாவது கூறு ஒன்று சேர்கிறது. கண், வாயின் பரப்பை மட்டும் குறிக்கும் மாஸ்க்குக்குள் விழும் படப்புள்ளிகளின் பிழையை இருமடியாக்காமல் அப்படியே எடுத்து, முழுப் படத்துக்கும் சராசரி கண்டு, 300-ஆல் பெருக்குகிறார்கள். இதன் வலிமையை ஒரு சிறு கணக்கால் காணலாம். இரு கண்களிலும் கருவிழி 3 படப்புள்ளி இடப்பக்கம் நகர்ந்து வரையப்பட்டிருப்பதாகக் கொள்வோம். கருவிழியின் உயரம் 16 படப்புள்ளி எனில், ஒரு கண்ணில் இரு ஓரங்களிலுமாக 96 படப்புள்ளிகள் தவறாக இருக்கும், இரு கண்களுக்கும் 192. கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டை 0.4 எனக் கொண்டால், பழைய இருமடிக் கூறு அந்தத் தவறுக்கு விதிக்கும் தண்டனை இவ்வளவுதான்:

```
10  * 192 * 0.4 * 0.4 / 65536 = 0.0047
300 * 192 * 0.4       / 65536 = 0.35
```

இரண்டாவது வரி, விருப்பத்தை இயக்கியபின் வரும் தண்டனை. ஏறக்குறைய 75 மடங்கு. பார்வை தவறியதைக் கவனியாமல் கடந்துபோன மாதிரி இனி அதைக் கவனிக்க வேண்டியதாகிறது. எடையால் ஆவது இவ்வளவே. இல்லாத தகவலை அது கொண்டுவராது, தவறான இடத்தில் விழுந்த மாஸ்க்கையும் சரிசெய்யாது. கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த இரண்டு எல்லைகளிலிருந்து பிறப்பவை.

எதையும் மாற்றுமுன் பார்க்க வேண்டிய இடம்

முன்னோட்டச் சாளரத்தில் ஒரு வரிசைக்கு ஐந்து முகங்கள் வருகின்றன. முதலாவது பொருத்தப்பட வேண்டியவரின் மூல முகம், இரண்டாவது மாதிரி திரும்ப வரைந்த மூல முகம், மூன்றாவது காட்சியில் நடித்தவரின் இலக்கு முகம், நான்காவது திரும்ப வரைந்த இலக்கு முகம், ஐந்தாவது இலக்கின் பாவனையில் வந்த மூல முகம். படத்தில் போய்ச் சேர்வது ஐந்தாவதுதான் என்பதால் எல்லோரும் அதையே உற்றுப் பார்க்கிறார்கள். நோயைச் சொல்வது இரண்டாவதும் நான்காவதும்.

இரண்டாவது முகத்திலேயே கண் மங்கலாக இருந்தால், மாதிரி தனக்குக் கொடுத்த விடையைக்கூடச் சரியாக எழுதவில்லை என்று பொருள். அங்கே எடையும் மாஸ்க்கும் பயிற்சி நிலையும் சந்தேகத்துக்குரியவை. இரண்டாவதும் நான்காவதும் தெளிவாக இருந்து ஐந்தாவதில் மட்டும் பார்வை பிசகினால், இழப்பு தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, குறை தரவில் இருக்கிறது. ஐந்தாவது முகத்தை எந்த விடையோடும் ஒப்பிட்டு இழப்புக் கணக்கிடப்படுவதில்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒப்பிட அப்படியொரு உண்மைப் படமே இல்லை. ஆகவே ஐந்தாவதில் மட்டும் தெரியும் குறையை எடையால் நேரடியாகத் தாக்க வழியில்லை.

அறிகுறி: நடிகர் பக்கவாட்டில் பார்க்கும்போதும் மாற்றிய முகம் கேமராவையே பார்க்கிறது

சென்ற ஆண்டு ஒரு குறும்படத்துக்காக இந்தச் சிக்கலோடு பத்து நாள் போராடினேன். நடிகைக்குக் காலில் அடிபட்டிருந்ததால் ஓடும் காட்சிகளில் வேறொருவர் நடித்தார். நடிகையின் எழுத்துவழி ஒப்புதலுடன் அவர் முகத்தை அக்காட்சிகளில் பொருத்த வேண்டியிருந்தது. மூலத்துக்காக நடிகையை 12 நிமிடம் படம் எடுத்திருந்தோம். தலையை எல்லாப் பக்கமும் திருப்பச் சொல்லியிருந்தோம், பேசச் சொல்லியிருந்தோம், சிரிக்கச் சொல்லியிருந்தோம். ஏறத்தாழ 4,200 முகங்கள் தேறின. ஓட்டத்தின் நடுவே இலக்கு நடிகர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னால் பார்க்கும் ஒரு ஷாட் இருந்தது. அந்த ஷாட்டில் ஐந்தாவது முகம் விடாப்பிடியாக நேரே பார்த்தது.

முன்னுரிமையை இயக்கி 60,000 சுற்று ஓட்டினேன். இரண்டாவது முகத்தில் கண்கள் அழகாகத் தெளிந்தன. ஐந்தாவதில் கருவிழி ஓரத்தை நோக்கிச் சற்றே நகர்ந்து, பாதி வழியில் நின்றுவிட்டது. பிறகுதான் மூல முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தலை திரும்பிய முகங்கள் நிறைய இருந்தன. ஆனால் அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் கண்ணும் கூடவே திரும்பியிருந்தது. முகம் நேராகவும் கண் ஓரத்திலும் உள்ள படங்கள் 40-க்கும் குறைவு. முகம் நேராக இருந்தால் பார்வையும் நேர்தான் என்று மாதிரி கற்றுக்கொண்டதில் வியப்பில்லை, நாங்கள் கொடுத்த தரவு அதைத்தான் சொன்னது.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. `Uniform yaw distribution of samples` என்ற விருப்பம் தலைத் திருப்பத்தைத்தான் சமன்செய்கிறது, பார்வைத் திசையை அது அறியாது. முகத்தில் குறிக்கப்படும் 68 புள்ளிகளில் கண்ணுக்குரிய 12 புள்ளிகளும் இமை விளிம்பில்தான் அமர்கின்றன. கருவிழிக்கென ஒரு புள்ளிகூட இல்லை. ஆகவே பார்வையின்படி முகங்களைப் பிரிக்கும் வேலையை நாம்தான் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டும்.

நாங்கள் நடிகையை மீண்டும் வரவழைத்து, ஆறு நிமிடம் மட்டும் எடுத்தோம். தலையை அசைக்காமல், ஒளிப்பதிவாளர் கையில் பிடித்த பேனாவைக் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னோம். இடம், வலம், மேல், கீழ், நான்கு மூலைகள், ஒவ்வொன்றும் வாய் மூடிய நிலையிலும் பேசும் நிலையிலும். அவற்றைச் சேர்த்து, முன்னுரிமையை இயக்கிய நிலையிலேயே 45,000 சுற்று தொடர்ந்தபோது கருவிழி ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மீண்டும் படமெடுக்க வாய்ப்பில்லாதவர்கள், இருக்கும் ஓரப்பார்வை முகங்களை `aligned` கோப்புறையிலேயே வேறு பெயரில் மூன்று நான்கு முறை நகலெடுத்து வைக்கலாம். முகப்புள்ளி விவரங்கள் அந்த ஜேபெக் கோப்புக்குள்ளேயே இருப்பதால் நகல் ஒழுங்காக வேலை செய்யும். கோப்புறை `faceset.pak` என்று கட்டப்பட்டிருந்தால் முதலில் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் 40 படத்தைப் பத்து மடங்காக்கினாலும் அது 40 படந்தான், கருவிழி பாதி வழியைத் தாண்டுமே தவிர, எல்லாக் கோணத்துக்கும் ஈடுகொடுக்காது.

அறிகுறி: ஒரு கண் சரியாகவும் மற்றொன்று பிசகியும் இருக்கிறது, அல்லது எடையை இயக்கியதும் புருவம் மட்டும் தெளிகிறது

இது மாஸ்க் இடம் தவறியதன் அடையாளம். கண் மாஸ்க் இமைப் புள்ளிகளைச் சுற்றி ஓர் உறை இட்டு, அதைச் சிறிது விரித்து உருவாக்கப்படுகிறது. வாய் மாஸ்க் உதட்டின் வெளி விளிம்புப் புள்ளிகளிலிருந்து பிறக்கிறது. புள்ளிகள் புருவத்தில் அமர்ந்துவிட்டால் 300 மடங்கு எடையும் புருவத்துக்கே போய்ச்சேரும். கண்ணாடி அணிந்தவர்கள், நெற்றி முடி கண்மேல் விழுந்தவர்கள், பெரிதும் திரும்பிய முகங்கள் ஆகியவற்றில் இது அடிக்கடி நேர்கிறது.

சரிபார்க்க, `aligned_debug` கோப்புறையைத் திறந்து புள்ளிகள் வரையப்பட்ட படங்களைப் பாருங்கள். மூலத்துக்கு இந்தக் கோப்புறை தானாக வராது, முகங்களைப் பிரித்தெடுக்கும்போது கேட்கும் கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருக்க வேண்டும். இலக்குப் பக்கத்தில் புள்ளி தவறிய படங்களை `aligned_debug` கோப்புறையிலிருந்து நீக்கிவிட்டு, `MANUAL RE-EXTRACT DELETED ALIGNED_DEBUG` என்று முடியும் தொகுப்புக் கோப்பை இயக்கினால், நீக்கிய படங்கள் மட்டும் கையால் குறிக்க வரும். மூலப் பக்கத்தில் நான் கையால் குறித்துக்கொண்டிருப்பதில்லை. படங்கள் மிகுதியாக இருப்பதால் தவறியவற்றை நீக்கிவிடுகிறேன். இலக்கில் ஒரு படம் நீங்கினால் காட்சியில் ஒரு துள்ளல் வரும், மூலத்தில் அப்படியில்லை.

அறிகுறி: பற்கள் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரிகின்றன

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எடையை ஏற்றியும் சரியாகவில்லை என்று மிகுதியாக வரும் முறையீடு இதுதான். 256 தெளிவளவில் சிரித்த வாயின் அகலம் ஏறத்தாழ 76 படப்புள்ளி. அதில் பத்துப் பற்கள் தெரிந்தால் ஒரு பல்லுக்கு ஏழு எட்டுப் படப்புள்ளிதான் கிடைக்கும். இரு பற்களுக்கிடையே உள்ள கோட்டுக்கு ஒன்றே ஒன்று. அந்தக் கோடு எங்கே விழும் என்பதில் ஒரு படப்புள்ளி அளவு ஐயம் இருந்தாலும், மாதிரிக்குப் பாதுகாப்பான விடை கோட்டையே வரையாமல் விடுவதுதான். கோட்டைத் தவறான இடத்தில் வரைந்தால் இரண்டு இடத்தில் தண்டனை, வரையாமல் விட்டால் ஓரிடத்தில் மட்டும். எடையை எத்தனை மடங்கு ஏற்றினாலும் இந்த ஒப்பீடு மாறுவதில்லை. இரண்டு தண்டனைகளும் ஒரே அளவில் பெரிதாகின்றன, அவ்வளவுதான். ஆகவே ஐயத்தைக் குறைப்பதே வழி.

ஐயத்தின் முதல் ஊற்று `Enable random warp of samples`. இது இயங்கும்போது மாதிரிக்கு உள்ளீடாகத் தரும் முகம் நெளிக்கப்படுகிறது, ஒப்பிடும் விடை மட்டும் நெளியாமல் இருக்கிறது. நெளிந்த படத்தைப் பார்த்து நெளியாத பல்வரிசையின் இடத்தை ஊகிக்க வேண்டியிருப்பதால், இந்த நிலையில் பற்கள் பிரிந்து தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. முகச்சாயலும் பாவனையும் அமையும்வரை நெளிவு இயங்கட்டும், முன்னுரிமையும் இயங்கட்டும். சாயல் நிலைத்தபின் நெளிவை நிறுத்துங்கள். என் அனுபவத்தில், நிறுத்திய முதல் சில ஆயிரம் சுற்றுகளிலேயே பற்களுக்கிடையே சாம்பல் கோடுகள் தோன்றத் தொடங்கிவிடும். அதன்பின் `Use learning rate dropout` என்பதை இயக்கினால் அவை இன்னும் கூர்மையாகும்.

இரண்டாவது ஊற்று மூலப் படங்களின் மங்கல். பேசும்போது தாடை அசைவதால், முகம் முழுதும் தெளிவாக இருந்தும் கீழ்ப்பல்வரிசை மட்டும் அசைவில் மங்கிய படங்கள் நிறைய இருக்கும். மங்கலின்படி வரிசைப்படுத்தும் கருவி முழு முகத்தையும் சேர்த்தே மதிப்பிடுவதால் இவற்றைப் பிடிக்காது. வாய் திறந்த முகங்களை மட்டும் தனியே பிரித்து, பற்களைப் பெரிதாக்கிப் பார்த்து, மங்கியவற்றை நீக்குவது அலுப்பான வேலைதான், ஆனால் பற்களைப் பொறுத்தவரை இதற்கு ஈடான வேறு எதையும் நான் காணவில்லை. அந்த நடிகையின் தொகுப்பில் வாய் திறந்த 900 முகங்களில் 380-ஐ நீக்கினேன். மிச்சமிருந்த 520 முகங்களோடு பயிற்சி தொடர்ந்ததும், இரண்டு நாளாக அசையாமல் இருந்த மேல்வரிசை பிரிந்து தெரிந்தது.

அறிகுறி: எடையை இயக்கியதும் இழப்பு எண் ஏறிவிட்டது

இது நோயன்று. கருவி ஓடும்போது ஒவ்வொரு வரியின் இறுதியிலும் மூலத்துக்கும் இலக்குக்கும் இரண்டு எண்கள் காட்டப்படுகின்றன. மூன்றாவது கூறு அவற்றோடு கூட்டப்படுவதால் எண் உயரத்தான் செய்யும். விருப்பத்தை மாற்றுமுன் இருந்த எண்ணோடு மாற்றியபின் வரும் எண்ணை ஒப்பிடாதீர்கள். மாற்றிய நொடியிலிருந்து புதிதாகக் குறித்துக்கொண்டு, அது இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். எண் சிறிதும் ஏறவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். தொடக்கத்தில் இரண்டு நொடிக்குள் என்டர் விசையை அழுத்தாமல் விட்டதால், பழைய அமைப்பிலேயே பயிற்சி ஓடிக்கொண்டிருக்கலாம்.

அறிகுறி: ஃபேஸ்ஸ்வாப் மென்பொருளில் எண்ணை மாற்றியும் எதுவும் நடக்கவில்லை

ஃபேஸ்ஸ்வாப் மென்பொருளில் ஆம், இல்லை என்ற தேர்வுக்குப் பதிலாக எண்ணாகவே எடை தரலாம். அதன் இயல்பு அமைப்பு இது:

```
penalized_mask_loss = True
eye_multiplier = 3
mouth_multiplier = 2
```

முதல் வரி `False` என்று இருந்தால் கீழுள்ள இரண்டு எண்களும் கணக்கில் வருவதே இல்லை. நான் கண்டவரை, பலன் இல்லை என்ற முறையீட்டுக்கு இதுவே முதன்மைக் காரணம். எண்களை 40 வரை ஏற்ற இடம் இருந்தாலும், கண்ணுக்கு 3-லிருந்து 5, வாய்க்கு 2-லிருந்து 4 என்று ஒரு படி ஏற்றி, 20,000 சுற்றுக்குப்பின் பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

சொந்தமாக நிரல் எழுதுவோர் ஒரு கண்ணியைத் தவிர்க்க வேண்டும். மாஸ்க்கின் பரப்பால் வகுத்துச் சராசரி காண்பது நேர்மையானதாகத் தோன்றும். ஆனால் கண் மூடிய படத்தில் மாஸ்க் மெலிந்த கீற்றாகிவிடுவதால், அந்தச் சில படப்புள்ளிகள்மேல் முழு எடையும் குவிந்து, இமைக்கோடு கருத்துப்போகும். முழுப் படத்தின் பரப்பால் வகுத்தால் மூடிய கண் தானாகவே குறைந்த எடை பெறும். கீழே `em` என்பது கண், வாய் மாஸ்க்:

```python
d = (pred - target).abs() * em
loss = base + 300 * d.mean()
```

அறிகுறி: கண் தெளிந்தது, ஆனால் அதைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது, கன்னம் மங்குகிறது

எடை தேவைக்குமேல் போய்விட்டது, அல்லது தேவைக்குமேல் நெடுநாள் இயங்கிவிட்டது. மாதிரியின் கொள்ளளவு வரையறுக்கப்பட்டது. கண்ணுக்குச் செலவிட்டதைத் தோலிலிருந்துதான் எடுக்கும். மாஸ்க்கின் விளிம்பில் எடை திடீரென மாறுவதால், உள்ளே ஒரு நிறமும் வெளியே சற்று வேறு நிறமுமாக இமைக்குக் கீழே ஒரு கோடு விழும். நிறுத்தப்படத்தில் இது எளிதில் தெரியாது, ஆள் தலையைத் திருப்பும்போது கண்ணோடு சேர்ந்து ஓர் ஒட்டுத்துணி நகர்வதுபோல் தெரியும். ஆகவே முன்னோட்டத்தை மட்டும் நம்பாமல், ஐந்து நொடிக் காட்சியை ரெண்டர் செய்து பாருங்கள்.

டீப்ஃபேஸ்லேப்பில் 300 என்ற எண்ணை அமைப்புப் பக்கத்திலிருந்து குறைக்க வழியில்லை என்பதால், முன்னுரிமையை அணைத்துவிட்டு 10,000 முதல் 20,000 சுற்று ஓட்டுவதே நான் செய்வது. தோல் மீண்டுவிடும். பார்வை பெரும்பாலும் தங்கிவிடும், ஏனெனில் ஒருமுறை சரியான இடத்துக்கு வந்த கருவிழியை அங்கிருந்து நகர்த்த அடிப்படை இழப்புக்கு எந்தக் காரணமும் இல்லை. அணைக்குமுன் `model` கோப்புறையை நகலெடுத்து வையுங்கள். ஃபேஸ்ஸ்வாப்பில் எண்ணைப் பாதியாகக் குறைத்தால் போதும்.

அறிகுறி: நிறுத்தப்படம் நன்று, காட்சி ஓடும்போது கருவிழியும் பல்லும் மினுக்குகின்றன

முதலில் இலக்கின் புள்ளிகள் சட்டத்துக்குச் சட்டம் நடுங்குகின்றனவா என்று `aligned_debug` படங்களை வேகமாக ஓட்டிப் பாருங்கள். நடுங்கினால் மேலே சொன்னபடி கையால் குறிக்க வேண்டும். புள்ளிகள் அமைதியாக இருந்தும் மினுக்கினால், நுண்விவரங்களைக் கூர்மையாக்கும் `GAN power` அமைப்பின்மீது கண் வையுங்கள். நெளிவை நிறுத்தி, `Use learning rate dropout` என்பதை இயக்கி, முகம் போதிய அளவு பயின்றபின் மட்டுமே அதை இயக்க வேண்டும், 0.1 என்பதே வழக்கமான அளவு. முன்னுரிமையும் அதுவும் ஒருசேர நெடுநேரம் ஓடினால், அது மூலத்தில் இல்லாத பளபளப்பைக் கண்ணிலும் பல்லிலும் சேர்க்கிறது. எங்கள் ஓடும் ஷாட்டில் அதை இயக்குமுன்னே முன்னுரிமையை அணைத்துவிட்டேன். 0.1 அளவில் 18,000 சுற்று ஓட்டியபோது, நடிகை ஓரக்கண்ணால் பின்னால் பார்க்கும் அந்த ஒன்றரை நொடியில் கருவிழியின் விளிம்பு நடுங்காமல் நின்றது, மூச்சு வாங்கும் வாயில் மேல்வரிசைப் பற்கள் ஆறு தனித்தனியாகத் தெரிந்தன.